வேலையில் இருந்துகொண்டே அனுபவச் சான்றிதழ் கேட்பது எப்படி?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 2020-இல் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தேன்; 2023 செப்டம்பர் 1 முதல் அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ். எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகக் கனடா பி.ஆருக்கு விண்ணப்பிக்க அனுபவச் சான்றிதழ் வேண்டும். எச்.ஆரிடம் மேலோட்டமாக விசாரித்தேன். பெயர், பதவி, சேர்ந்த தேதி மட்டும் உள்ள வழக்கமான கடிதம்தான் தருவார்களாம். நான் போகப்போகிறேன் என்று மேனேஜருக்குத் தெரிந்தால் அடுத்த பதவி உயர்வு அவ்வளவுதான். ‘வீட்டுக் கடனுக்கு’ என்று சொல்லி வாங்கிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வீட்டுக் கடன் என்று சொல்லாதீர்கள். பொய் சொல்லலாமா கூடாதா என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அப்படி வாங்கும் கடிதம் உங்களுக்கு உதவாது. கடன் என்றதும் எச்.ஆர். எடுப்பது சம்பளச் சான்றிதழ் படிவத்தைத்தான். நீங்கள் நிரந்தரப் பணியாளரா, மாதம் எவ்வளவு வருகிறது, ஏற்கெனவே என்னென்ன பிடித்தம் போகிறது, இவைதான் வங்கிக்குத் தெரிய வேண்டும். உட்கார்ந்து என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பது வங்கிக்கு வேண்டாத விஷயம், அதனால் அது கடிதத்தில் இருக்காது. போதாக்குறைக்கு வங்கியின் பெயருக்கு எழுதி, ‘வீட்டுக் கடன் விண்ணப்பத்துக்காக மட்டும் வழங்கப்படுகிறது’ என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்துவிடுவார்கள். அதை எப்படிக் குடிவரவு அலுவலகத்தில் காட்டுவீர்கள்?

கனடா கேட்பது வேறு மாதிரிக் கடிதம். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். உங்கள் பெயர், நிறுவனத்தின் முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், கையெழுத்துப் போடுபவரின் பெயரும் பதவியும் வேண்டும். அப்புறம் நீங்கள் வகித்த எல்லாப் பதவிகளும், அவற்றின் தேதிகளும் பொறுப்புகளும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதும், ஆண்டுச் சம்பளமும் சலுகைகளும். இதில் பலரும் கவனிக்காமல் விடுவது மணிக்கணக்கு. ‘முழுநேரப் பணியாளர்’ என்று எழுதினால் போதும் என்று எச்.ஆர். நினைப்பார்கள். கனடாவின் கணக்கில் முழுநேரம் என்றால் வாரத்துக்கு 30 மணி நேரம். உங்கள் வேலை நேரம் வாரத்துக்கு 40 என்றால் 40 என்று எண்ணிலேயே இருக்கட்டும். 30-க்கு மேல் எவ்வளவு உழைத்தாலும் அனுபவக் காலம் அதிகரிக்காது என்பதால், ஓவர்டைமைச் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டவும் தேவையில்லை.

உங்கள் விஷயத்தில் உயிர்நாடி பொறுப்புகள் பகுதிதான். ‘அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ்’ என்ற பதவிப் பெயரைப் பார்த்து அதிகாரி எதையும் முடிவு செய்ய மாட்டார். கனடா தன் நாட்டு வேலைகளையெல்லாம் என்.ஓ.சி. என்ற பட்டியலில் எண் போட்டு வகை பிரித்து வைத்திருக்கிறது. கணக்குப் பதிவேடுகளை முழுதாகப் பராமரிப்பது, ஜர்னல் பதிவுகள் போடுவது, டிரயல் பேலன்ஸ் எடுப்பது, வரிப் படிவங்கள் தயாரிப்பது போன்ற வேலைகள் 12200 என்ற எண்ணில் வருகின்றன. பில், இன்வாய்ஸ் சரிபார்த்துப் பதிவு செய்யும் கிளார்க் வேலை 14200. எண்ணின் இரண்டாவது இலக்கம்தான் திறன் நிலை. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் இந்த அனுபவம் எண்ணப்பட வேண்டுமானால் அது 0 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். 12200-க்கு அது 2, ஆகவே உள்ளே. 14200-க்கு 4, ஆகவே வெளியே. ஒரே மேசை, ஒரே சம்பளம் என்றாலும் கடிதத்தில் ‘இன்வாய்ஸ்களைக் கையாள்கிறார், கணக்குப் பிரிவுக்கு உதவுகிறார்’ என்று இரண்டு வரி மட்டும் இருந்தால் உங்கள் அனுபவம் 14200 பக்கம் சாய்ந்துவிடும்.

உடனே என்.ஓ.சி. இணையப் பக்கத்தில் உள்ள பொறுப்புகளை அப்படியே நகலெடுத்து ஒட்டச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதிகாரிகள் அந்த வரிகளைத் தினமும் படிப்பவர்கள். வார்த்தைக்கு வார்த்தை அதே வந்தால் கடிதத்தின் மீதே சந்தேகம் வரும். உங்கள் வேலையை உங்கள் அலுவலகத்தின் சொற்களில் எழுதுங்கள். ‘கணக்குகளைப் பராமரிக்கிறார்’ என்பதற்குப் பதில், ‘மாத இறுதியில் இரண்டு கிளைகளின் வங்கிக் கணக்குகளை லெட்ஜருடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார், தேய்மானத்துக்கும் கொடுக்கப்படாத செலவுகளுக்கும் ஜர்னல் பதிவு போட்டு, டிரயல் பேலன்ஸைத் தயாரித்து மேனேஜரின் ஒப்புதலுக்கு அனுப்புகிறார்’ என்று இருந்தால் கிளார்க் வேலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தானாகவே தெரியும். இப்படி ஆறேழு வரி போதும். எல்லாம் நீங்கள் உண்மையில் செய்வதாக இருக்க வேண்டும். நீங்கள் டிரயல் பேலன்ஸ் பக்கமே போனதில்லை என்றால் 12200 உங்களுக்கானது இல்லை. அதைக் கடிதத்தால் சரிக்கட்ட முடியாது.

அடுத்தது தேதி. பதவி உயர்வு பெற்றவர்களுக்கு எச்.ஆர். கடிதம் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்துவிடும். ‘2020 முதல் எங்கள் நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவாகப் பணிபுரிகிறார்’ என்று சேர்ந்த தேதியையும் இன்றைய பதவியையும் ஒரே வரியில் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். பார்த்தால் உங்களுக்குச் சாதகம் போலத் தோன்றும். ஆனால் பதவி உயர்வுக் கடிதத்தில் 2023 செப்டம்பர் 1 என்று இருக்கும், பழைய சம்பளச் சீட்டில் அசிஸ்டென்ட் என்று இருக்கும். இரண்டும் முட்டிக்கொண்டால் தவறான தகவல் கொடுத்தவர் என்ற பழி உங்கள் மீதுதான் விழும், எச்.ஆர். மீது அல்ல. அது நிரூபணமானால் ஐந்து ஆண்டுகளுக்குக் கனடாவுக்குள் நுழையத் தடை. எனவே இரண்டு பதவிகளும் தனித்தனிப் பத்தியில், தனித்தனித் தேதிகளோடும் பொறுப்புகளோடும் வரட்டும். அசிஸ்டென்ட் காலம் 14200-ஆகவே இருந்தாலும் எழுதத்தான் வேண்டும், அதை அனுபவக் கணக்கில் காட்டாமல் விட்டால் சரி.

இதையொட்டி இன்னொன்று. தொடரும் வேலைக்கு, கடிதத்தில் போட்ட தேதி வரையிலான அனுபவத்தைத்தான் அந்தக் கடிதம் நிரூபிக்கும். வெளிநாட்டு அனுபவத்துக்கான புள்ளிகள் மூன்று ஆண்டுகள் முடிந்ததும் ஒரு படி ஏறுகின்றன. உங்களுக்கு எக்ஸிக்யூட்டிவாக மூன்று ஆண்டுகள் 2026 ஆகஸ்ட் 31-இல்தான் முடிகின்றன. ஆகஸ்ட் 20 தேதியிட்ட கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் என்று சொன்னால் பதினோரு நாள் இடிக்கும். அந்தப் புள்ளிகள் உங்களுக்கு முக்கியம் என்றால் செப்டம்பர் தேதியில் வாங்குங்கள். ரொம்பவும் தள்ளிப்போடவும் கூடாது. கனடாவிலிருந்து விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்த பிறகு முழு விண்ணப்பத்தையும் தாக்கல் செய்ய 60 நாள்தான் கொடுப்பார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் அந்த நேரம் பார்த்து நீண்ட விடுப்பில் போவது எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான்.

சரி, மேனேஜர் விஷயம். கையெழுத்தை உங்கள் நேரடி மேலதிகாரி போடலாம், அல்லது பணியாளர் பிரிவு அதிகாரி போடலாம். இரண்டில் ஒன்று போதும். ஆக மேனேஜரைத் தாண்டிப் போக வழி இருக்கிறது. எச்.ஆர். வழக்கமாகச் சொல்லும் தடை, ‘இவர் என்ன வேலை செய்கிறார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்’ என்பது. அதற்கான பதில் அவர்களுடைய கோப்பிலேயே இருக்கிறது: நீங்கள் சேர்ந்தபோதும் பதவி உயர்ந்தபோதும் கொடுத்த வேலை விவரம், மேனேஜர் கையெழுத்திட்ட ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு பொறுப்பும் இவற்றில் எங்கே இருக்கிறது என்று குறித்துக் கொடுத்தால் அவர்கள் மேனேஜரைக் கேட்க வேண்டிய அவசியம் குறையும்.

ஆனால் எச்.ஆரிடம் காரணத்தை மறைக்காதீர்கள். கடிதத்தில் உள்ள எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ அதிகாரி தொடர்புகொண்டு சரிபார்க்கக்கூடும். வீட்டுக் கடன் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டவருக்குக் கனடாவிலிருந்து மின்னஞ்சல் வந்தால் அவர் என்ன பதில் சொல்வார்? தெரியாது என்று ஒரு வார்த்தை போதும், எல்லாம் முடிந்தது. ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகவே கேளுங்கள். என் அனுபவத்தில் எச்.ஆர். மனிதர்கள் இதை நீங்கள் நினைப்பதைவிட இயல்பாக எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் மேசைக்கு இப்படி வரும் முதல் ஆள் நீங்கள் இல்லை. அதற்காக அது ரகசியமாகவே இருக்கும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். அலுவலகம் என்றால் அலுவலகம்தான்.

வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். இப்படி இருக்கலாம்:

‘வணக்கம். குடிவரவு விண்ணப்பம் ஒன்றுக்காக எனக்குப் பணி அனுபவக் கடிதம் தேவைப்படுகிறது. விண்ணப்பம் ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கிறது. வேலையை விடும் முடிவு எதையும் நான் எடுக்கவில்லை. அவர்கள் கேட்கும் விவரங்களுடன் வரைவு ஒன்றை இணைத்திருக்கிறேன். தேதிகளையும் சம்பளத்தையும் உங்கள் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொறுப்புகள் எந்த ஆவணத்தில் உள்ளன என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். இதை ரகசியமாக வைத்துக்கொண்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.’

வரைவை நீங்களே கொடுப்பதுதான் இதில் சூட்சுமம். வெற்றுக் கோரிக்கை வந்தால் எச்.ஆர். வழக்கமான படிவத்தை அச்சடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். வரைவு கையில் இருந்தால் அவர்களுக்கு மிச்சம் சரிபார்ப்பதும் கையெழுத்தும்தான். யாருக்கு என்ற இடத்தில் ‘சம்பந்தப்பட்டவர்களுக்கு’ என்று பொதுவாகப் போடுங்கள். சம்பளத்தில் நிலையான ஆண்டுத் தொகையைத் தனியாகவும் போனஸ், காப்பீடு போன்றவற்றைத் தனியாகவும் காட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கூட்டினால் சம்பளச் சீட்டோடு ஒத்துப்போகாது.

இவ்வளவுக்கும் பிறகு ‘எங்கள் விதிப்படி பொறுப்புகளை எழுத மாட்டோம்’ என்றே சொன்னால் அந்த மறுப்பையும் மின்னஞ்சலில் வாங்குங்கள். அது குப்பை அல்ல, ஆதாரம். அவர்கள் தரும் வழக்கமான கடிதத்தை வாங்கிக்கொண்டு, கூடவே நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதம், வேலை விவரம், சம்பளச் சீட்டுகள், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை வையுங்கள். உங்களுக்கு மேலே இருந்து இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்ட யாராவது இருந்தால், உங்கள் வேலையைப் பற்றி அவர் சத்தியப் பிரமாணமாக ஒரு வாக்குமூலம் கொடுக்கலாம். கடிதம் ஏன் முழுமையாக இல்லை என்று நீங்களும் ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதி அந்த மறுப்பு மின்னஞ்சலை இணைத்துவிடுங்கள். முழுக் கடிதத்துக்கு இது ஈடு என்று சொல்ல மாட்டேன். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் கையில். உங்களுடைய வெறும் சுய விளக்கத்தை மட்டும் அனுப்புவதைவிட எவ்வளவோ மேல்.

கடிதம் கைக்கு வந்ததும் பையில் போடாமல் அங்கேயே நின்று படியுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, இனிஷியல் ஒத்துப்போகிறதா, வரைவில் இருந்த மணிக்கணக்கு விடுபட்டதா, கையெழுத்துக்குக் கீழே பெயரும் பதவியும் உள்ளனவா என்று பாருங்கள். அன்றைக்கே திருத்தச் சொன்னால் பத்து நிமிட வேலை.