71 டிகிரியிலும் கறி காயாது

கேள்வி: பினாங்குல இருக்கேன். ஆட்டுக் கொத்துக்கறியில பேட்டி தட்டிப் பொரிச்சா, உள்ள சிவப்பா இருக்கும்போது பிள்ளைங்களுக்குக் கொடுக்கப் பயமா இருக்கு. நல்லா வேகவச்சா வறட்டி மாதிரி ஆயிடுது. எப்படித்தான் செய்யறது?

நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், கோழி என்றால் 74. இதில் பேரம் கிடையாது. முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேலேதான் இருக்கும். அரைக்கும்போது அது உள்வரை கலந்துவிடும்.

ஆனால் பேட்டி காய்வதற்கு இந்த 71 மட்டும் காரணமில்லை. பெரிய தீயில் ஒரே பக்கத்தை நெடுநேரம் விட்டால், நடு 71-க்கு வருவதற்குள் வெளிப்பக்கம் அதைவிட எவ்வளவோ மேலே போய்ச் சாற்றையெல்லாம் விட்டுவிடும். அந்த இடைவெளியைக் குறைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

சௌராஸ்தா மார்க்கெட்டில் கறி வாங்கும்போது கொழுப்போடு அரைத்துத் தரச் சொல்லுங்கள். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு வேண்டும். வெறும் தொடைக்கறியை எப்படிச் சமைத்தாலும் வறண்டுதான் போகும். அரை கிலோவுக்கு ஒரு துண்டு ரொட்டியை இரண்டு மேசைக்கரண்டி பாலில் ஊறவைத்து மசித்து, கை சூடு ஏறாமல் லேசாகப் பிசறுங்கள். உப்பை இப்போதே போட்டுப் பிசைந்தால் கறி பசைபோல ஒட்டி, பொரித்த பிறகு சாசேஜ் மாதிரி ரப்பராகிவிடும். கல்லில் போடும் முன் மேலே தூவினால் போதும். நான்காகப் பிரித்து 2 செண்டிமீட்டர் கனத்தில் தட்டி, நடுவில் விரலால் சற்றே குழித்து, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். நம்ம ஊர்ச் சூட்டில் கொழுப்பு வெளியிலேயே உருக ஆரம்பித்துவிடும்.

கல் நன்றாகக் காய்ந்ததும் நடுத்தரத் தீக்கு இறக்கி, நிமிடத்துக்கு ஒரு முறை திருப்புங்கள். ஒரு தடவைதான் திருப்பணும் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். அடிக்கடி திருப்பினால் இரண்டு பக்கமும் சீராகச் சூடேறும், ஓரம் கருகாது. கரண்டியால் அழுத்த வேண்டாம். அப்போது வரும் ‘சுர்’ சத்தம் சாறு கல்லில் விழும் சத்தம்தான்.

ஏழாவது நிமிடத்திலிருந்து அளந்து பாருங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டரைப் பக்கவாட்டில், நடு வரைக்கும் செருகுங்கள். மேலிருந்து குத்தினால் முனை கல்லுக்குப் பக்கத்தில் போய் அதிகமாகக் காட்டும். முள் வைத்த பழைய வகை வேண்டாம். அதற்கு நீளமாக உள்ளே போக வேண்டும், பேட்டிக்குச் சரிவராது. 65-க்கு மேல் வந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். எல்லாப் பேட்டியையும் தனித்தனியாக அளந்து, 71 வந்ததை உடனே இறக்குங்கள். 80 வரை விட்டால் மறுபடியும் வறட்டிதான்.

நிறத்தை நம்பாதீர்கள். சில கறி, முக்கியமாக நாள்பட்ட ஃபிரோசன் கறி, 55 டிகிரியிலேயே பழுப்பாகிவிடும். சில சமயம் 71 தாண்டியும் இளஞ்சிவப்பு நிற்கும். அளவு சரியாகக் காட்டினால் அந்தச் சிவப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், பழுப்பாக இருந்தும் 60 காட்டினால் கொடுக்கக் கூடாது.