வாலிபாலில் அண்டர்ஹேண்ட் பாஸ் செட்டரிடம் போகாதது ஏன்?

"இடது பின் மூலையில் நின்று எதிரணியின் சர்வீஸை எடுக்கிறேன். பந்து செட்டருக்குப் போகாமல் வலையைத் தாண்டி எதிர் கோர்ட்டுக்கே போய்விடுகிறது. என்ன தப்பு?"

உங்கள் முன்கைகள் சர்வீஸ் போட்டவரையே பார்த்து நிற்கின்றன. சுவரில் பட்ட பந்து போலத்தான் கையில் பட்டதும் திரும்பும்.

சர்வீஸ் நேர் எதிரிலிருந்து வருகிறது, செட்டர் வலையோரம் உங்களுக்கு வலது முன்பக்கம் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கைப்பரப்பு இருவருக்கும் நடுவே பார்க்க வேண்டும். முழுக்கச் செட்டர் பக்கம் திருப்பினால் பந்து அவருக்கு வலப்புறமாக விலகி ஓடிவிடும்.

இதற்கு உடம்பை முறுக்க வேண்டாம். வலது தோளைச் சற்றே இறக்கி இடது தோளை ஏற்றுங்கள், பரப்பு தானாகச் சாயும். முழங்கை மடங்கக் கூடாது. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு கையிலும் ஒன்றாகப் பந்து பட வேண்டும். ஒரு கையில் மட்டும் சிவந்திருந்தால் கைகள் சமமாகச் சேரவில்லை.

அப்புறம் கால். பந்து விழும் இடத்துக்குச் சின்னச் சின்ன எட்டாகப் பக்கவாட்டில் நகர்ந்து, படுவதற்கு முன்பே நின்றுவிடுங்கள். ஓடிக்கொண்டே எடுத்தால் சாய்த்து வைத்த கோணம் கலைந்துவிடும்.

வேகமான சர்வீஸுக்குக் கையை வீசவே வீசாதீர்கள், பந்தின் வேகமே போதும். மெதுவாக வந்தால் முழங்காலை நிமிர்த்தித் தள்ளுங்கள்.