இனிஷியலை விரித்து எழுதிப் பாருங்கள்

"பார்த்திருக்கும் மாப்பிள்ளை பெயர் M. MANIKANDAN. அவர் அப்பா MUTHURAMALINGAM. பெயரில் 3, 6, 7, 8 இல்லை, நாலு கர்மப் பாடம், குடும்பத்துக்கு ஆகாது என்கிறார் சிம்மக்கல் ஜோதிடர். பயமாக இருக்கிறது."

தங்கச்சி, பெயரின் எழுத்துகளுக்கு உரிய எண்களில் 1 முதல் 9 வரை எது விடுபடுகிறதோ அதைத்தான் எண் கணிதத்தில் கர்மப் பாடம் என்பார்கள். அதை முழுப் பிறப்புப் பெயரில்தான் பார்ப்பார்கள். அந்த M-ஐ விரித்து அப்பா பெயரையும் எழுதுங்கள். A, J, S மூன்றுக்கும் 1, அடுத்து B, K, T-க்கு 2 என்று போகிற பிதாகரஸ் அட்டவணையில் U, L இரண்டும் 3, G 7, H 8. மூன்று எண்களும் வந்துவிட்டன. 6 மட்டும்தான் பாக்கி.

6 இல்லாதவர் குடும்பப் பொறுப்பை ஏற்கத் தயங்குவார், அன்பை வெளிக்காட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பார்கள். பிரிவு வரும் என்று அதற்குப் பொருள் இல்லை, அது கற்க வேண்டிய பாடம்தான். ஆனால் 6-க்கு உரியவை F, O, X. நம் பெயர்களில் F-உம் X-உம் அபூர்வம். மிச்சம் O ஒன்றுதான். MURTHY என்று எழுதினால் 6 இல்லை, MOORTHY என்றால் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது யாரோ எழுதிய ஸ்பெல்லிங் அது. அவர் அப்பா பெயரிலும் TH-ஐ வெறும் T ஆக்கினால் 8 போய்விடும். இதை வைத்து ஒருவர் குணத்தை எப்படி முடிவு செய்வது?

அப்புறம், நம் ஊரில் பலர் கையாளும் கல்தேய அட்டவணையில் எந்த எழுத்துக்கும் 9 கிடையாது. அதை வைத்து "9 விடுபட்டிருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பொறுப்பு பற்றித்தான் கவலை என்றால், சம்பளத்தில் வீட்டுக்கு என்ன கொடுக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள்.