பழைய மேனேஜரிடம் என்ன கேட்பது?

"அக்கவுண்டன்ட் வேலைக்கு ஒருவரைப் பார்த்திருக்கிறோம். பழைய மேனேஜர் 'நல்ல பையன்தான்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். இதை எப்படி எடுத்துக்கொள்வது?"

முதலில், விண்ணப்பத்தில் உள்ள செல்போன் எண்ணை மட்டும் நம்பாமல், அலுவலக எண் வழியாக அந்த மேனேஜரைப் பிடியுங்கள். அந்த செல்போனில் பேசுவது நண்பராகக்கூட இருக்கலாம்.

"நல்ல பையன்" என்பது குணத்துக்கான சான்று. வேலையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. "எப்படி வேலை செய்வார்?" என்று கேட்டால் இப்படித்தான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள்: "ஜிஎஸ்டி ரிட்டர்னை அவரே தாக்கல் செய்தாரா, ஆடிட்டர் ஆபீஸில் செய்தார்களா? மாதக் கணக்கை எந்தத் தேதிக்குள் முடிப்பார்? பேங்க் கணக்கு ஒத்துப்போகாதபோது என்ன செய்தார்?"

நான் ஒருமுறை இப்படிக் கேட்டபோது, "என்ட்ரி போடுவார், மற்றதை சீனியர் பார்ப்பார்" என்றார் மேனேஜர். விண்ணப்பத்திலோ முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று எழுதியிருந்தது.

கடைசியாக, "இடம் காலியானால் மறுபடி எடுப்பீர்களா?" என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். "ம்... பார்க்கலாம்" என்றால், "எந்த மாதிரி வேலைக்கு எடுப்பீர்கள்?" என்று தொடருங்கள். தயக்கத்தின் காரணம் பெரும்பாலும் அங்கே வெளிவரும்.

சேர்ந்த தேதி, விலகிய தேதி மட்டும் சொன்னால் அதைக் குறையாக எண்ணாதீர்கள். பல கம்பெனிகளில் விதியே அதுதான். எல்லோருக்கும் அப்படித்தானா என்று கேட்டு, வேறொரு மேனேஜரிடம் பேசுங்கள்.

இப்போது வேலை பார்க்கும் இடத்துக்கு மட்டும் விண்ணப்பித்தவரின் சம்மதமின்றிப் பேசவே கூடாது. அவர் வேலையே போய்விடலாம்.