கிழமையைக் கேளுங்கள் – கடிதம்

அன்புள்ள அம்மா,

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். பி.பார்ம் முடித்து, பார்மசி கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டேன். இங்கே மலையிலேயே ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். இன்னும் 12 நாட்கள்தான் இருக்கின்றன. நான்கு ஆண்டுப் பாடப் புத்தகங்களையும் மேசையில் அடுக்கிவைத்துவிட்டு எங்கே தொடங்குவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை மருந்துக்கடையில்தான் பழக்கம். மருத்துவமனையில் என்ன கேட்பார்கள்?

ம.

அன்புள்ள ம.,

புத்தகங்களை மறுபடி அலமாரியில் வையுங்கள். நீங்கள் தேர்வில் தேறியவர் என்பது எதிரே இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஒரு மருந்துச் சீட்டை நீட்டி, “இதைக் கொடுங்கள்” என்பார்கள். பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். மேசையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்தவள் என்ற முறையில், எனக்குப் பிடித்த ஒரு சீட்டை உங்களுக்குத் தருகிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் 58 வயதுப் பெண். முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் 7.5 மி.கி., தினமும் ஒன்று, 30 நாட்கள். ஃபோலிக் அமிலம் 5 மி.கி., வாரம் ஒன்று. வலி இருந்தால் பாராசிட்டமால்.

மூன்றும் தெரிந்த மருந்துகள், அளவுகளும் பழகியவை. அதனால்தான் பலர் நேராக மாத்திரை அட்டையை எடுக்கப் போய்விடுகிறார்கள். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறைதான். இந்தச் சீட்டின்படி கொடுத்தால் ஒரு வாரத்தில் 52.5 மி.கி. உள்ளே போகும், அதாவது ஏழு மடங்கு. எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உண்டாக்குவது குறைந்து, காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். எழுதியவருக்கு இது தெரியாமல் இல்லை. நாளெல்லாம் “தினமும் ஒன்று” என்று எழுதிப் பழகிய கை அதையே எழுதிவிடுகிறது. கணினியில் சீட்டு போடும் இடங்களில் பெட்டி தானாகவே “தினமும்” என்று நிரம்பிவிடுவதும் உண்டு.

மருந்தின் பெயர் கண்ணில் படாமல் நழுவினாலும் எண்ணிக்கையில் பிடித்துவிடலாம். உங்கள் மருந்தகத்தில் 2.5 மி.கி. மாத்திரைதான் இருக்கிறது என்று வையுங்கள். சரியான சீட்டுக்கு வாரம் மூன்று, நான்கு வாரத்துக்கு 12 மாத்திரைகள். இந்தச் சீட்டுக்கு 90. மெத்தோட்ரெக்சேட்டை ஒருவருக்குத் தொண்ணூறு எண்ணிக்கொண்டிருந்தால் கை அங்கேயே நிற்க வேண்டும். நேர்காணலில் இந்தக் கணக்கை வாய்விட்டுப் போடுங்கள். மனதுக்குள் போட்டு விடையை மட்டும் சொன்னால், தெரிந்து சொன்னீர்களா ஊகித்தீர்களா என்று அவர்களுக்கு விளங்காது.

இதுவரை பாதி பேர் வந்துவிடுவார்கள். அடுத்த படியில்தான் நான் வழுக்கினேன். என் முதல் நேர்காணலில் பிழையை உடனே பிடித்துவிட்ட பெருமையில், “வாரம் ஒன்று என்று திருத்திக் கொடுத்துவிடுவேன்” என்றேன். தலைமை மருந்தாளுநர் சீட்டின் அடியைத் தொட்டுக் காட்டி, “இந்தக் கையெழுத்து உங்களுடையதா?” என்று கேட்டார். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காதது நியாயம்தான்.

ஃபோலிக் அமிலத்துக்கு “வாரம் ஒன்று” என்றிருப்பதைப் பார்த்தால், இரண்டு வரிகளும் இடம் மாறிவிட்டன என்று தோன்றும். ஆனால் ஃபோலிக் அமிலம் வாரம் ஒன்று என்பதும் வழக்கமான அளவுதான். இடமாற்றம் என்பது உங்கள் ஊகம். மருத்துவரை அழைத்துப் பேசுங்கள். “சீட்டில் தவறு இருக்கிறது” என்று தொடங்காதீர்கள். நோயாளி யார், சீட்டில் இருப்பது என்ன, நீங்கள் எதிர்பார்த்தது என்ன, இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்: “முடக்குவாதத்துக்கு வந்த இந்த அம்மாவுக்கு மெத்தோட்ரெக்சேட் 7.5 தினமும் என்றிருக்கிறது, வாரம் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாமா, எந்தக் கிழமை?” அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்து, சீட்டை அவரே திருத்திக் கையெழுத்திடச் செய்யுங்கள். யாரிடம், எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.

மலைப்பகுதி மருத்துவமனை என்பதால் இதற்குமேல் ஒரு கேள்வி வரும் என்று நினைக்கிறேன். நான் கேட்டிருக்கிறேன். மருத்துவர் மதியமே கோயம்புத்தூருக்கு இறங்கிவிட்டார், போன் எடுக்கவில்லை. அந்த அம்மாவுக்குக் கடைசி பஸ் இன்னும் அரை மணியில். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர். என்ன செய்வீர்கள்?

இங்கே இரக்கம் தவறான பக்கம் இழுக்கும். மெத்தோட்ரெக்சேட் இல்லாமல் அனுப்பலாம் என்பதே என் பதில். வாரம் ஒரு முறை போடும் மாத்திரை இரண்டு நாள் தள்ளிப்போனால் மூட்டுக்குப் பெரிதாக எதுவும் ஆகிவிடாது. பிழையோடு ஒரு மாதம் போட்டால் ஆகும். முதலில் பணியில் இருக்கும் வேறு மருத்துவரிடம் சீட்டைக் காட்டுங்கள். அவரும் முடிவெடுக்கத் தயங்கினால், பாராசிட்டமாலைக் கொடுத்து, அந்த அம்மாவின் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் ஒரு போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மீதி மருந்தை எப்படிச் சேர்ப்பது என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள். திருத்தாத சீட்டை அவர் கையில் திருப்பித் தந்துவிடாதீர்கள். வழியில் ஏதாவது ஒரு கடையில் 30 நாளுக்கான மாத்திரைகளையும் கொடுத்துவிடுவார்கள். “மருத்துவர் வரும்வரை காத்திருக்கச் சொல்வேன்” என்று ஒரு பையன் பதில் சொன்னான். தொட்டபெட்டா அடிவாரத்தில் இறங்கி இருட்டில் நடக்க வேண்டியவரைப் பற்றி அவன் யோசிக்கவே இல்லை.

அந்த அம்மா, “போன வாரமே வெளியில் வாங்கித் தினமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்” என்றால் கதை வேறு. வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாத இரத்தக்கசிவு, உடம்பில் நீலத்தடிப்பு உண்டா என்று கேளுங்கள். எதுவுமே இல்லை என்றாலும் அன்றே மருத்துவர் பார்த்து, இரத்த அணு எண்ணிக்கையும் சிறுநீரகச் சோதனையும் செய்ய வேண்டும். பஸ்ஸை அன்று விட்டுவிடலாம். இந்த நிலையில் முறிமருந்து எது என்று கேட்பார்கள். ஃபோலினிக் அமிலம். சீட்டில் இருக்கும் ஃபோலிக் அமிலம் அல்ல. ஒரே எழுத்தளவு வித்தியாசம் என்பதால் அவசரத்தில் நாக்கு தடுமாறும், கவனம்.

கடைசியாக, அவர்களில் ஒருவர் நோயாளியாக நடித்து, “எப்படிம்மா போடணும்?” என்பார். உடனே ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள். “வாரம் ஒரு முறை” என்பதோடும் நிறுத்தாதீர்கள், தலையாட்டிவிட்டு மறந்துபோவார்கள். உங்கள் ஊரில் சந்தை என்றைக்கு என்று கேளுங்கள். ஞாயிறு என்றால், “சந்தைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்த மாத்திரை, புதன்கிழமை மட்டும் அந்த மாத்திரை, மற்ற நாளில் இரண்டையும் தொடாதீர்கள்” என்று சொல்லி, அதையே உறையில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதுங்கள். பிறகு அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வேறு காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ எங்கே போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லச் சொல்லுங்கள். அவற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல் இதோடு சேர்ந்தால் மஜ்ஜையை இன்னும் அமுக்கும்.

ஒன்று மறந்துவிட்டேன். நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் இந்தியாவில் அரிவாள் செல் இரத்தக் கோளாறு முதன்முதலில் 1952இல் பதிவானது. நீங்கள் போகும் இடத்தில் அந்த நோயாளிகள் வரக்கூடும். அவர்களுக்குத் தரும் ஹைட்ராக்சியூரியாவையும் இதே முறையில் ஒரு மாலை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்: எத்தனை மாத்திரை, எந்த இரத்தச் சோதனை, எப்போது நிறுத்தச் சொல்வது.