98% அப்டைம்: மாதக் கணக்கா, ஆண்டுக் கணக்கா?

"மருத்துவமனை சில்லருக்கு ஏ.எம்.சி. ப்ரொபோசல் தருகிறோம், ஆண்டுக்கு 6 லட்சம். 98% அப்டைம் கேட்கிறார்கள், தவறினால் மணிக்கு 2,000 ரூபாய் அபராதம். ஒத்துக்கொள்ளலாமா?"

98 சதவீதத்துக்கு ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது மாதக் கணக்கா, ஆண்டுக் கணக்கா என்று எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம். 2 சதவீதம் என்றால் 14.4 மணி நேரம்தான் நிற்கலாம். ஆண்டுக் கணக்கில் 175 மணி நேரம் கிடைக்கும்.

கம்ப்ரசர் போய், உதிரிபாகம் வர 3 நாள் ஆகிறது என்று வையுங்கள். 72 மணி நேரம். ஆண்டுக் கணக்கில் அபராதமே இல்லை. மாதக் கணக்கில் 57.6 மணி நேரம் கூடுதல், அதாவது 1,15,200 ரூபாய். ஒரே பழுதில் ஒப்பந்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு கிட்டத்தட்டப் போய்விடும்.

மருத்துவமனை என்பதால் மாதக் கணக்கைத்தான் பிடிவாதமாகக் கேட்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. அப்படியானால் கம்ப்ரசர் போன்ற பெரிய பாகங்களுக்குத் தனிக் கால அவகாசம் கேளுங்கள். ஸ்டாண்ட்பை சில்லர் ஓடி ஆபரேஷன் தியேட்டர் குளிர்ச்சி குறையாத நேரம் டவுன்டைம் ஆகாது என்றும் எழுதுங்கள்.

அப்புறம், கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? புகார் பதிவான நேரம் என்று இருக்கட்டும். திட்டமிட்ட சர்வீஸ், மின்தடை, சாவிக்காக உங்கள் ஆள் காத்திருக்கும் நேரம் எல்லாம் கழியவேண்டும்.

மொத்த அபராதத்துக்கு ஆண்டுத் தொகையில் 10% உச்சவரம்பு கேளுங்கள். அதற்கு மறுத்தால், அந்த ரிஸ்க்கை விலையில் ஏற்றுங்கள்.