சனி, ஞாயிறில் ஸ்டாப்பை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்பும் விலை

கேள்வி: 2 லட்ச ரூபாய் முதலில் ஈதர் பெர்பெச்சுவல் ஃப்யூச்சர்ஸ் செய்கிறேன். ஒரு டிரேடுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் இழப்பதில்லை என்று வைத்திருக்கிறேன், ஸ்டாப் 2% தூரத்தில். வார நாளில் சரியாகப் போகிறது. சனி, ஞாயிறில் ஸ்டாப் அடித்துவிட்டு விலை பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. அளவைப் பாதியாகக் குறைத்தால் போதுமா?

பதில்: போதாது. அளவை மட்டும் பாதியாக்கினால் ஸ்டாப் அதேபோல் அடிபடும், ஒவ்வொரு முறையும் 2,000-க்குப் பதில் 1,000 போகும், அவ்வளவுதான். ஸ்டாப்பை மட்டும் தள்ளி வைத்தால் இழப்பு இரட்டிப்பாகும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முதலில் ஸ்டாப் தூரத்தை முடிவு செய்யுங்கள். அளவு அதிலிருந்து தானாக வரும்.

வார இறுதியில் வங்கிகள் மூடியிருக்கும், அமெரிக்க ஈடிஎஃப்களிலும் வியாபாரம் கிடையாது. மார்க்கெட் மேக்கர்கள் ஆர்டர் புக்கில் வைக்கும் ஆர்டர்களைக் குறைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் ஒரு பெரிய விற்பனை வந்தால் பல படிகளைத் தின்றுகொண்டு இறங்கும். வழியில் இருக்கும் ஸ்டாப்புகள் விற்பனை ஆர்டர்களாக மாறும், அதற்கும் கீழே லிக்விடேஷன்கள் சேர்ந்துகொள்ளும். கட்டாய விற்பனை தீர்ந்ததும் வாங்குபவர்கள் திரும்புவார்கள். சார்ட்டில் மிஞ்சுவது ஒரு நீண்ட விக். 2021 டிசம்பர் 4 ஒரு சனிக்கிழமை. அன்று பிட்காயின் 53,000 டாலரை ஒட்டிய இடத்திலிருந்து சுமார் 42,000 வரை விழுந்து, அன்றைக்கே அதில் பாதியளவு மீண்டது.

உங்கள் காயினுக்கான தூரத்தைச் சார்ட்டிலேயே அளக்கலாம். ஒரு மணி நேர சார்ட்டில் கடந்த 10 வார இறுதிகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் மிக நீளமான கீழ் விக் எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள் (ஷார்ட் என்றால் மேல் விக்). சராசரி எடுக்காதீர்கள், அது விக்கின் தன்மையையே மறைத்துவிடும். பெரியதிலிருந்து எண்ணி மூன்றாவதை எடுங்கள். அது 3.5% என்று வைத்துக்கொண்டால் ஸ்டாப் 4%. இதற்கு மேல் ஸ்லிப்பேஜுக்கு 1% சேருங்கள், ஏனென்றால் மெலிந்த புக்கில் ஸ்டாப் மார்க்கெட் ஆர்டர் நீங்கள் குறித்த விலையில் முடியாது.

```
அளவு = இழப்பு வரம்பு ÷ (ஸ்டாப் % + ஸ்லிப்பேஜ் %)
வார நாள்:    2000 ÷ 0.02 = 1,00,000
வார இறுதி:   2000 ÷ 0.05 = 40,000
```

வார நாள் கணக்கில் ஸ்லிப்பேஜைச் சிறியது என்று விட்டிருக்கிறேன். ஆக, பாதி அல்ல, 40% தான்.

அடுத்து லெவரேஜ். 20 மடங்கில் லிக்விடேஷன் சுமார் 4.5% தூரத்திலேயே வந்துவிடும். 4% ஸ்டாப் நழுவினால் இரண்டுக்கும் இடையில் இடமே இல்லை. 5 மடங்கில் அது 19%-ஐத் தாண்டி நிற்கும். 40,000 பொசிஷனுக்கு 8,000 ரூபாய் மார்ஜின், ஐசொலேட்டட் முறையில். கிராஸ் முறையில் வைத்தால் கணக்கிலுள்ள மீதிப் பணமும் அந்த ஒரு டிரேடுக்குப் பின்னால் நிற்கும். டிசம்பர் 4 மாதிரி ஒரு நாளில் ஸ்டாப் மிக மோசமான விலையில் முடிந்தாலும் ஐசொலேட்டட் முறையில் போவது அந்த 8,000 வரைதான். 2,000 என்ற வரம்புக்கு அது நான்கு மடங்கு என்பதையும் தெரிந்தே இறங்குங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, ஸ்டாப் எந்த விலையைப் பார்த்துத் தூண்டப்படுகிறது என்பது. `Last Price` என்று வைத்தால் அந்த ஒரு எக்ஸ்சேஞ்சில் நடந்த ஒரே ஒரு விற்பனைகூட உங்களை வெளியேற்றிவிடும். `Mark Price` பல எக்ஸ்சேஞ்சுகளின் ஸ்பாட் விலையை ஒட்டிக் கணக்கிடப்படுவது, அதனால் தனியொரு இடத்தின் விக் அதை அவ்வளவாக அசைக்காது. உங்களுக்கு அடிபட்ட தேதிகளில் வேறு இரண்டு எக்ஸ்சேஞ்சுகளின் சார்ட்டைப் பாருங்கள். அங்கே அந்த விக் இல்லையென்றால் இந்த ஒரு அமைப்பை மாற்றுவதே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். எல்லா இடத்திலும் இருந்தால் மேலே சொன்ன அளவுக் கணக்குதான் வழி. ஸ்டாப் லிமிட் ஆர்டர் இங்கே வேண்டாம்: விலை லிமிட்டைத் தாண்டிக் குதித்துவிட்டால் ஆர்டர் அப்படியே தொங்கும், பொசிஷன் திறந்தே கிடக்கும்.

வெள்ளிக்கிழமையே திறந்திருக்கும் 1,00,000 பொசிஷனை அன்று இரவு படுக்கும் முன் 40,000-க்குக் குறைத்து, பிறகு ஸ்டாப்பை 4%-க்கு நகர்த்துங்கள். வரிசை மாறினால் இடையில் 4,000 ரூபாய்க்கு மேல் ஆபத்தில் இருக்கும். நமக்கு வெள்ளி நள்ளிரவு தாண்டித்தான் அமெரிக்கப் பங்குச் சந்தை மூடும், அதன்பின் வரும் செய்திகளுக்கு கிரிப்டோதான் முதலில் ஆடும். 2025 அக்டோபர் 10 சரிவு நம் கடிகாரத்தில் சனிக்கிழமை அதிகாலையில்தான் நடந்தது.